x = 0 பெருமமா, சிறுமமா? குழப்பமா இருக்கு

படத்தில் இருக்கிற கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன், y = x⁴ − 4x³, தேக்கநிலைப் புள்ளிகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றும் பெருமமா சிறுமமா என்று சொல்லணும். வகைக்கெழு 4x³ − 12x², அதாவது 4x²(x − 3), அதனால் x = 0, x = 3.

இரண்டாம் வகைக்கெழு 12x² − 24x. x = 3 போட்டால் 36, நேர் எண், ஆகவே (3, −27) சிறுமம், அது சரி. x = 0 போட்டால் பூச்சியம்தான் வருது!

அப்புறம் முதல் வகைக்கெழுவின் குறியைப் பார்த்தேன்: x = −1 இல் −16, x = 1 இல் −8, இரண்டு பக்கமும் இறங்குமுகம்தான். அப்போ இது இரண்டுமே இல்லாத வளைவு மாற்றப் புள்ளியா? இல்லை, படம் மங்கலா இருக்கிறதால் (கை ஆடிருச்சு) 4x² என்பதை நான்தான் 4x³ என்று படிச்சிட்டேனா? அப்படியானால் x = 0 பெருமமாகிடும், கூடவே ±√2 இல் இரண்டு சிறுமம் வரும். அந்த அடுக்கு உங்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரியுது?