பாயிண்ட் வாரியாக ஒப்பிட்டு எழுதியும் "இது ஒப்பீடு இல்லை, விவரிப்பு" என்று கட்டுரை திரும்பி வந்துவிட்டது, உதவி தேவை

முதலாண்டு_வரலாறு

வணக்கம். பி.ஏ. வரலாறு முதலாண்டு. தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பாயிண்ட் பை பாயிண்ட் முறையில் ஒப்பிட்டு 1500 சொற்களில் எழுத வேண்டும். கட்டியவர், ஆண்டு, உயரம், நந்தி, கல்வெட்டு, சிற்பம் என்று ஆறு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றிலும் முதலில் தஞ்சை, பிறகு கங்கைகொண்ட சோழபுரம் என்றுதான் எழுதினேன். ஒரு பத்தி இது:

"தஞ்சை விமானம் 216 அடி உயரமும் 13 தளங்களும் கொண்டது. கங்கைகொண்ட சோழபுர விமானம் 180 அடி உயரமும் 9 தளங்களும் கொண்டது. இரண்டும் சிவன் கோயில்கள்."

"விவரிப்பு, வாதம் எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்கலாம். முறை சரியாகத்தானே இருக்கிறது, எங்கே தவறுகிறது?

கரந்தை_வாசகன்

உயரத்தைச் சொன்னீர்கள், காரணத்தைச் சொல்லவில்லை, அதுதான் குறை. அப்பாவின் கோயிலைவிட உயரமாக இருக்கக் கூடாது என்ற மரியாதையில்தான் ராஜேந்திரன் குறைத்துக் கட்டினான். அதை ஒரு வரி சேர்த்தால் பத்தி ஒப்பீடாகிவிடும்.

எம்ஃபில்_அக்கா

கரந்தை சொன்னதில் பாதி சரி. வேறுபாட்டைச் சொன்னதும் "அதனால் என்ன" என்பதற்கும் பதில் வேண்டும். ஆனால் அந்த மரியாதைக் கதைக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. கட்டுரையில் போட்டால் அடுத்த கேள்வி "ஆதாரம்?" என்றுதான் வரும்.

தங்கச்சி, உன் பிரச்சினை தலைப்புகளைப் பொறுக்கிய விதத்தில் இருக்கிறது. ஆண்டு, உயரம், நந்தி எல்லாம் சுற்றுலாக் கையேட்டின் தலைப்புகள். எந்த இரண்டு கோயிலை எடுத்தாலும் அதே ஆறும் பொருந்தும். முதலில் இந்த இரண்டைப் பற்றி நீ என்ன சொல்லப் போகிறாய் என்று ஒரு வாக்கியம் எழுது. அந்த வாக்கியத்தை நிரூபிக்க எந்தக் கூறுகள் தேவையோ அவை மட்டும்தான் உன் பாயிண்ட்கள். மூன்று போதும், ஆறு வேண்டாம்.

உதாரணத்துக்கு: "இரண்டு கோயில்களும் அரசனின் அதிகாரத்தைக் காட்டக் கட்டியவை, ஆனால் தஞ்சை அதை எழுத்தில் பதிந்து காட்டுகிறது, கங்கைகொண்ட சோழபுரம் வடிவத்திலும் வெற்றிச் சின்னங்களிலும் காட்டுகிறது." இது வந்ததும் ஆண்டு முன்னுரையில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும், நந்தி தானாகக் கழன்றுவிடும். மிஞ்சுவது எழுத்து, வடிவம், வெற்றிச் சின்னம் என்ற மூன்றுதான்.

கல்வெட்டுப் பத்தி எப்படி வரும் என்று பார்:

"அதிகாரத்தை எழுத்தில் பதிவதில்தான் இரண்டும் மிகத் தெளிவாகப் பிரிகின்றன. தஞ்சையில் ராஜராஜன், தானும் தன் அக்கனும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். கோயில் பணிக்குக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவர்களுக்குக் கொடுத்த வீடும்கூட அங்கே பதிவாகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டிய ராஜேந்திரனின் கல்வெட்டே கிடைக்கவில்லை. அங்குள்ள முக்கியக் கல்வெட்டு அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. ஆகவே தஞ்சையில் சுவரைப் படித்தே அரசனை அறிகிறோம், கங்கைகொண்ட சோழபுரத்தில் அவனைச் சிற்பத்திலும் அமைப்பிலும் தேட வேண்டியிருக்கிறது."

முதல் வாக்கியத்தில் எந்தக் கோயிலின் பெயரும் இல்லை, ஒப்பிடும் கூறு மட்டும்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. உன் பத்தியில் இந்த இரண்டு வாக்கியங்களும் இல்லை, அதனால்தான் விவரிப்பாகத் தெரிகிறது. சோதிக்க ஒரு வழி உண்டு: பத்தியில் ஒரு கோயிலின் வரிகளை மட்டும் அடித்துவிட்டுப் படி. மீதி எந்தக் குறையும் இல்லாமல் ஓடினால் அது ஒப்பீடு இல்லை.

தேர்வு_அறை

எங்களுக்கு இலக்கியத் தாளில் இரண்டு நாவல்களை ஒப்பிடச் சொல்வார்கள். நான் முதல் பாதி முழுக்க ஒன்று, மறுபாதி முழுக்க மற்றது என்று எழுதித்தான் நல்ல மார்க் வாங்கினேன். இப்படி மாறி மாறி எழுதினால் தலை சுற்றும். நீங்களும் அப்படியே எழுதிவிடுங்களேன்.

எம்ஃபில்_அக்கா

ஒரு மணி நேரத் தேர்வில், இரண்டே பக்கத்தில், அது சரிதான். இவளுக்குக் கொடுத்திருப்பது பாயிண்ட் வாரி முறை, அதை மாற்ற முடியாது. அதோடு 1500 சொல் கட்டுரையில் தஞ்சையைப் பற்றி ஐந்தாம் பத்தியில் சொன்னதைப் பத்தாம் பத்தியில் படிப்பவர் நினைவு வைத்திருக்க மாட்டார்.

முதலாண்டு_வரலாறு

நன்றி அக்கா, இப்போது புரிகிறது. வடிவத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "தஞ்சை விமானத்தின் பக்கங்கள் நேர்கோட்டில் ஏறிக் கூம்புகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவை உள்வாங்கி வளைந்து ஏறுகின்றன. ஆகவே முதலாவது கம்பீரம், இரண்டாவது நளினம்."

இன்னொரு சந்தேகம். உயரம் ஒரு புத்தகத்தில் 216 அடி, இன்னொன்றில் அதைவிடக் குறைவு. எதை எடுப்பது?

எம்ஃபில்_அக்கா

இரண்டு கோயிலுக்கும் ஒரே நூலின் அளவை எடு. ஒன்றின் உயரத்தை ஒரு நூலிலிருந்தும் மற்றதை வேறொரு நூலிலிருந்தும் எடுத்தால் அளந்த முறை வேறாக இருக்கலாம், வித்தியாசமே பொய்யாகிவிடும். உன் வாதத்துக்கு அடிக்கணக்கு தேவையே இல்லை, 13 தளம், 9 தளம் போதும்.

கம்பீரம், நளினம் என்பது எல்லோரும் சொல்வது. அது உன் மையக் கூற்றுக்கு எப்படி உதவுகிறது? வளைவைச் சொன்ன கையோடு கீழே சுவருக்கு வா. கங்கைகொண்ட சோழபுரத்தின் வடபுறப் படியருகே, சிவன் தன் அடியார் சண்டேசரின் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. அந்தச் சண்டேசரில் ராஜேந்திரனையே பார்க்கும் அறிஞர்கள் உண்டு. "சிலர் இப்படிக் கருதுகிறார்கள்" என்று சொல்லி எழுதினால் வடிவப் பத்தி அதிகாரத்துக்குத் திரும்பிவிடும்.

மேலைச்சாளுக்கியன்

அக்கா, உங்கள் மையக் கூற்றிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. வெற்றி தஞ்சையிலும் உண்டு. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பொருளிலிருந்து கொடுத்தவற்றைத் தஞ்சைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. வெற்றிச் சின்னத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மட்டும் எப்படிக் கொடுப்பீர்கள்?

எம்ஃபில்_அக்கா

நல்ல கேள்வி, கூற்றைத் திருத்த வேண்டியதுதான். வெற்றி இரண்டிலும் இருக்கிறது, வந்து சேரும் விதம்தான் வேறு. தஞ்சையில் அது எடை போட்ட பொன்னாகக் கணக்கில் ஏறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வென்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் கோயிலிலும் சுற்றுப்புறத்திலும் நிற்கின்றன. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. தங்கச்சி, இதையே மூன்றாம் பாயிண்டாக வை, ஒற்றுமையில் தொடங்கி வேற்றுமையில் முடி. எழுத்து, வடிவம் இரண்டுக்கும் பிறகு கடைசியாக இதுதான் வர வேண்டும், கனமானது இதுதான்.

முதலாண்டு_வரலாறு

அப்படியே மாற்றுகிறேன். மூன்று பாயிண்டிலும் தஞ்சைதான் முதலில். 1836இல் கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதை முடிவில் சேர்க்கலாமா? எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

எம்ஃபில்_அக்கா

தஞ்சைப் பக்கம் அதற்கு இணை இல்லை. ஒரு பக்கம் மட்டும் இருக்கும் தகவல் பாயிண்ட் ஆகாது. விட்டுவிடு.

மேலைச்சாளுக்கியன்

நான் விட மாட்டேன். தஞ்சை நாயக்கர், மராட்டியர் காலத்தில் மீண்டும் தலைநகரானது, அதனால் கோயிலும் பிழைத்தது. இதுதான் இணை. எழுத்தும் சின்னமும் பின்னால் என்ன ஆயின என்று முடிவுரையில் மூன்று வரி எழுதலாம்.

எம்ஃபில்_அக்கா

மூன்று வரி என்றால் சரி, தனிப் பத்தி வேண்டாம். 1500 சொல்லில் இடம் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பார்.