அனுபவம்: அப்பாவுக்காக வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கிய கதை

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 74 வயது. இரண்டு காதிலும் மெஷின் வைத்தும் போனில் வரும் குரல் பிடிபடுவதில்லை. கண் மட்டும் இன்னும் நல்ல தெளிவு, தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுவார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு உட்கார்ந்து டைப் அடிக்க நேரமில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது மூன்று நான்கு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுவான். அதை எழுத்தாக்கிக் கொடுத்தால் அப்பா தானே படித்துக்கொள்வார் என்பதுதான் என் எண்ணம்.

வாட்ஸப்பிலேயே அந்த வசதி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு Settings > Chats > Voice message transcripts போய்ப் பார்த்தேன். என் போனில் காட்டிய மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. சரி, ஆங்கிலத்தை வைத்துப் பார்ப்போமே என்று தம்பியின் மெசேஜை அழுத்திப் பிடித்து Transcribe கொடுத்தேன். "அப்பா, இந்த மாசம்" என்று அவன் தொடங்கிய இடத்தில் Upper in the mass am என்று வந்தது. அடுத்த மெசேஜுக்கு அதுகூட இல்லை, Transcript unavailable என்று நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு சொந்தக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பருக்கு வாய்ஸ் மெசேஜை ஃபார்வர்ட் செய்தால் ஒரு நிமிஷத்தில் தமிழ் எழுத்தாகத் திரும்பி வரும். உண்மையிலேயே நன்றாக வந்தது. இரண்டு மாதம் அப்படியே ஓடியது. போன வாரம் தம்பி அம்மாவின் செயினை அடகு வைத்த நகைக்கடன் பற்றிப் பேசியிருந்தான். கணக்கு எண்ணைச் சொல்லியிருந்தான், பெரியப்பாவோடு இருக்கும் பங்குப் பிரச்சினையையும் சொல்லியிருந்தான். எல்லாம் அச்சடித்த மாதிரி எழுத்தில் வந்தது. அப்பா படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இதை யாருப்பா எழுதினது?"

என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் அந்த நம்பர் முதல் நாள் அனுப்பிய நீளமான வரவேற்பைத் தேடிப் படித்தேன். சேவையின் தரத்தை மேம்படுத்தப் பதிவுகள் சேமிக்கப்படலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. இப்படி வரும் எழுத்து எவ்வளவு தூரம் நமக்குள்ளேயே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன்பஸ் எழுதியது:

பயப்படாதீங்க. வாட்ஸப்பில் எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் போகிறது. உங்கள் போனில் பூட்டினால் எதிராளி போனில்தான் திறக்கும், நடுவில் கம்பெனிக்காரனே கேட்க முடியாது. அந்த நம்பருக்கு அனுப்பியதும் அப்படித்தான் போயிருக்கும்.

கும்பகோணம் சர்வீஸ் எழுதியது:

நான் பதினோரு வருஷமாக போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டவுன்பஸ் சொன்னதில் முதல் பாதி சரி. வழியில் யாரும் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் பூட்டைத் திறக்கும் அந்த எதிராளி இங்கே யார்? அந்த நம்பர்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் பூட்டு திறந்தாகிவிட்டது. அப்புறம் அந்தச் சேவையை நடத்துகிறவரின் கம்ப்யூட்டரில் அது சாதாரண ஆடியோ ஃபைல். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தபால்காரரையே கடிதத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்வார்கள் இல்லையா, அதே நிலைதான். உறை வழியில் பிரியவில்லை, நாம்தான் பிரித்து வாசிக்கக் கொடுக்கிறோம். அந்தத் தபால்காரரையாவது ஊருக்கே தெரியும்.

வாட்ஸப்பின் சொந்த வசதி வேறு மாதிரி. 2024 நவம்பரில் அறிவித்தபோதே, எழுத்தாக்கும் வேலை போனுக்குள்ளேயே நடக்கும் என்றுதான் சொன்னார்கள். அதனால்தான் முதலில் மொழிக்கான ஒரு பொதியை இறக்கச் சொல்கிறது. மெசேஜைப் பெற்றவருக்கு மட்டும்தான் எழுத்து தெரியும், அனுப்பியவருக்குத் தெரியாது. அந்த அறிவிப்பின்போது வந்த பட்டியலிலும் தமிழ் இல்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். மொழிப் பொதி இறங்கிய பிறகு, ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஓர் ஆங்கில வாய்ஸ் மெசேஜை எடுத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது Transcribe கொடுங்கள். எழுத்து வந்தால் வேலை போனுக்குள் நடக்கிறது. நெட் இருந்தால்தான் வரும் என்றால் குரல் வெளியே போய்த் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் எழுத்தாக்குவது சர்வரில்தான் நடக்கிறது, அங்கே இந்தச் சோதனை தேறாது. கடைக்கு வருகிறவர்களிடம் எந்த ஆப்பானாலும் இப்படிப் பார்க்கத்தான் சொல்கிறேன். கம்பெனி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் படிக்க அவர்களுக்குப் பொழுது ஏது?

நாச்சியார்கோவில் அக்கா எழுதியது:

நீங்கள் கேட்டோமா இல்லையா என்பது தம்பிக்குத் தெரிந்துவிடும், அதைத்தானே கேட்கிறீர்கள்? எனக்கும் அது நடந்தது. நாத்தனார் அனுப்பும் மெசேஜை உடனே கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். அதனால் செட்டிங்கில் நீல டிக்கை அணைத்து வைத்தேன். அப்படியும் "கேட்டுட்டு ஏன் பேசல"ன்னு சண்டை வந்துவிட்டது. மைக் படம் நீலமாக மாறியதைப் பார்த்துவிட்டாள்.

கும்பகோணம் சர்வீஸ் எழுதியது:

அக்கா, அவர் கேட்டது வேறு. ஆனாலும் நீங்கள் சொன்னது உண்மை. படித்ததற்கான டிக்கை அணைத்தாலும், வாய்ஸ் மெசேஜைக் கேட்டதற்கான அடையாளம் அணையாது. எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டீர்கள் என்பது மட்டும் நாத்தனாருக்குப் போகாது. வேகம் உங்கள் போனோடு சரி. அதே மெசேஜை வேறு யாருக்காவது அனுப்பினாலும் சாதாரண வேகத்தில்தான் போகும்.

மூணுமா நிலம் எழுதியது:

வேகம் என்றதும் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். சம்பா அறுவடை, மழை வருமோ என்று மனசு பதறுகிற நாள். அறுவடை மெஷின் ஏஜெண்டின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பைக்கில் போய்க்கொண்டே 2x வைத்துக் கேட்டேன். "மெஷின் வந்துடும், ஆளைக் கூப்பிட்டுடுங்க" என்று காதில் விழுந்தது. ஆறு பேரைக் காலை ஆறு மணிக்கே வயலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பத்து மணி வரை மெஷின் இல்லை. வரப்பில் உட்கார்ந்து மெசேஜை மறுபடி 1x வைத்துக் கேட்டேன். அவர் சொன்னது, "மெஷின் வந்துடும்னு நம்பி ஆளைக் கூப்பிட்டுடாதீங்க." ஆறு பேர் கூலி போனது. அதைவிட, அடுத்த நாள் கூப்பிட்டபோது அவர்களில் இரண்டு பேர் வரவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கும்பகோணம் சர்வீஸ் எழுதியது:

இது உங்கள் காதின் தப்பு மட்டும் இல்லை. டேப்பை வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று ஆகும். இங்கே அப்படி ஆவதில்லை, ஏனென்றால் ஆப் குரலைப் பொடிப்பொடித் துண்டாக எடுத்து, நடுவில் கொஞ்சத்தை விட்டுவிட்டு, விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறது. குரலின் உயரம் மாறாது, நேரம் மட்டும் குறையும். நெடிலும் இழுத்துப் பேசும் இடமும் இதைத் தாங்கும். குறிலும் விழுங்கிப் பேசும் இடமும் தாங்காது. நம் மொழியில் வேண்டும், வேண்டாம் என்பதே வினையின் வாலில்தான் இருக்கிறது. பேசுகிறவரின் குரல் இறங்குவதும் அந்த வாலில்தான். கூப்பிட்டுடுங்க, கூப்பிட்டுடாதீங்க இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு "ஆதீ". பைக் சத்தத்தில் அது போயே போய்விடும். பணம், நாள், ஆள் பற்றிய மெசேஜ் என்றால் நான் கடைசிப் பத்து விநாடியை மட்டும் 1x-இல் மறுபடி ஓட்டிக் கேட்பேன்.

வெண்ணாற்றங்கரைக்கு ஒரு யோசனை. அப்பாவுக்கு வேகம் கூடக் கூடாது, குறைய வேண்டும். வாட்ஸப்பில் 1x, 1.5x, 2x என்றுதான் பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போன் என்றால் அந்த மெசேஜ் WhatsApp Voice Notes என்ற ஃபோல்டருக்குள் .opus ஃபைலாக இருக்கும், பெயர் PTT என்று தொடங்கும். அதை VLC பிளேயரில் திறந்து 0.75 வேகத்தில் ஓட்டுங்கள். குரல் போனை விட்டு எங்கேயும் போகாது.

அப்புறம், அந்த மெசேஜ் பேக்கப்பிலும் ஏறும். Chat backup உள்ளே End-to-end encrypted backup என்று ஒன்று இருக்கிறது. அது தானாக ஆனில் இருக்காது, நாம்தான் போட வேண்டும். போட்ட பிறகு பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் திறக்காது, அதனால் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை ஆசிரியை எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை விட்டுவிட்டு, கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழ் எழுத்தாகவே அடித்துத் தருமே. என் மகள் அப்படித்தான் அனுப்புகிறாள். இங்கே எழுத்தாக வந்து சேர்ந்துவிடும், நடுவில் எந்த நம்பரும் வேண்டாம்.

கும்பகோணம் சர்வீஸ் எழுதியது:

நல்ல வழிதான் டீச்சர். ஆனால் கீபோர்டிலும் அதே ஏரோபிளேன் மோடு சோதனையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நெட் இல்லாமல் தமிழ் அடிக்கவில்லை என்றால், அங்கே குரல் கீபோர்டு கம்பெனிக்குப் போகிறது. பெயர் தெரியாத ஒரு நம்பரைவிட அது மேல் என்பது என் கருத்து.

டவுன்பஸ் எழுதியது:

அப்படியென்றால் அதுவும் வெளியேதானே போகிறது? ஒரு கம்பெனிக்குப் போனால் பரவாயில்லை, இன்னொருவருக்குப் போனால் தப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் நம் வீட்டுப் பேச்சுதானே.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டையும் செய்து பார்த்தோம். VLC-யில் 0.75 வைத்ததும் அப்பா முதல் இரண்டு நிமிஷத்தைப் பிடித்துவிட்டார். "செயின்" என்ற சொல்லைத் தானே சொன்னார். அதற்குப் பிறகு களைத்துப்போய் மெஷினைக் கழற்றிவிட்டார். நிதானமாகக் கேட்டாலும் ச, ஸ ஓசைகள் அவருக்கு இல்லவே இல்லை, அதற்கு வேகம் மருந்தாகாது போலிருக்கிறது. தம்பி கீபோர்டில் பேசி அனுப்பினான். நகைக்கடன் கணக்கு எண்ணை மட்டும் பேசாமல் கையால் அடித்திருந்தான். அதை அப்பா கண்ணாடி போடாமலே படித்தார்.

அந்த நம்பருக்குப் போன பழைய மெசேஜ்களில் கடைசி ஒன்றை மட்டும் Delete for everyone கொடுக்க முடிந்தது, மற்றவற்றுக்கு நேரம் கடந்துவிட்டது.

கும்பகோணம் சர்வீஸ் எழுதியது:

அந்தக் கடைசி ஒன்றும் சேட்டிலிருந்து மட்டும்தான் போயிருக்கும். எழுத்தாக்குவதற்காக அவர்கள் எடுத்துக்கொண்ட நகல் அங்கேயே இருக்கலாம். நம்பரை உடனே பிளாக் செய்யாதீர்கள், பதில் வர வழியில்லாமல் போகும். முதலில் அழிக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எழுதிவிட்டேன். "உங்கள் வாய்ஸ் மெசேஜை அனுப்புங்கள்" என்றுதான் பதில் வருகிறது. மூன்று முறையும் அதே வரி. இதில் ஓர் ஆளைப் பிடித்துப் பேசிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?