கற்றல் வளைவு 3வது மாதமே பொய்க்கிறது, பணவரவுக் கணிப்பை எப்படித் திருத்துவது?

புது உற்பத்தி வரிசைக்கு 2 ஆண்டுப் பணவரவுக் கணிப்பு போடுகிறேன், கூலிச் செலவில் மாட்டிக்கொண்டேன்.

பயன்படுத்தியது 85% வளைவு, திரள் சராசரி முறை: Y = aX^b, b = -0.2345. முதல் இயந்திரத்துக்கு 200 மணி நேரம். முதல் மாதம் 4, இரண்டாவது மாதம் 4 இயந்திரங்கள், மொத்தம் 983 மணி, வளைவோடு அப்படியே ஒத்துப்போனது. மூன்றாவது மாதம் 8 செய்தோம். கணிப்பு 688 மணி, ஆனது 740. இப்படியே போனால் கடன் தவணை தொடங்கும் மாதத்தில் கையில் பணம் இருக்காது, அதுதான் பயம்.

செய்து பார்த்தவை: முதலில், மாத உற்பத்தியை அந்த நேரத்துச் சராசரியால் பெருக்கியிருந்தேன், அது தப்பு, இப்போது 16க்கான மொத்தத்திலிருந்து 8க்கான மொத்தத்தைக் கழிக்கிறேன். 90% வைத்தால் முதல் 2 மாதங்களே பொருந்தவில்லை. ஆட்களும் மாறவில்லை, இடையில் நிறுத்தமும் இல்லை.

அப்புறம் நேரச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இயந்திரத்திலும் சோதனை மேடையில் 45 மணி, முதலாவதிலும் அதே, பதினாறாவதிலும் அதே. மேடை ஓடும் வேகம்தான், ஆள் பக்கத்தில் நிற்கிறார். அதைத் தனியே வைத்து மீதி 155 மணிக்கு மட்டும் 80% போட்டால் மூன்றாவது மாதம் 741 வருகிறது.

16 இயந்திரத் தரவை மட்டும் நம்பி இந்தப் பிரிப்பை 2 ஆண்டுக்கும் நீட்டலாமா, இல்லை கைவேலைக்கும் ஓர் எண்ணிக்கைக்கு மேல் வளைவை நிறுத்திவிட வேண்டுமா?