30-க்கு எந்த வரி? ஒரு ஸ்பேசர் லாட் திரும்பிப் போன கதை

இன்கமிங் மேஜை:
ஸ்பேசர் லாட் ஒண்ணு வந்தது. நீளம் 30, டாலரன்ஸ் எதுவும் போடல. டைட்டில் பிளாக்ல ஐஎஸ்ஓ 2768-எம்னு மட்டும் இருக்கு, அதாவது தனியா டாலரன்ஸ் போடாத அளவுக்கெல்லாம் அந்த ஸ்டாண்டர்டோட எம் கிளாஸ் டேபிளைப் பாக்கணும். மைக்ரோமீட்டர்ல பாத்தா நிறைய பீஸ் 30.25கிட்ட நிக்குது. ரிஜெக்ட் போட்டேன். சப்ளையர் நேர்லயே வந்துட்டார். போன்ல டேபிளைத் திறந்து மேஜையில வச்சு, "சார், 30-120க்கு ±0.3. என் பீஸ் உள்ளதானே இருக்கு?"ன்னார். நான் அதுக்கு மேல இருந்த வரியைக் காட்டினேன்: 6-30, ±0.2. ரெண்டு வரியிலயும் 30 இருக்கு! ஒரே போன்ல ஆளுக்கு ஒரு வரியில விரல் வச்சுக்கிட்டு நின்னோம். அப்புறம் ஸ்டாண்டர்டையே எடுத்துக் காட்டினேன். 6-க்கு மேல, 30 வரைக்கும், 30-உம் சேத்துன்னு இருக்கு. அவர் டேபிளை யாரோ சுருக்கி எழுதினப்ப "மேல"ங்கிறது காணாமப் போயிருக்கு. 30.20தான் எல்லை, லாட் திரும்பிப் போச்சு. ஆனா அந்த ஸ்பேசரோட ஒரு முனை எதையும் தொடாது. 0.05 கூடினதால என்ன கெட்டிருக்கும்னு இப்பவும் உறுத்துது.

லேத்துக்காரன்:
ரெண்டு பேருமே தப்பு. 30-னு புள்ளி இல்லாம போட்டிருந்தா லூஸ், 30.0-ன்னா கொஞ்சம் டைட், 30.00-ன்னா இன்னும் டைட். எங்களுக்கு வர்ற எக்ஸ்போர்ட் டிராயிங் எல்லாம் அப்படித்தான். டைட்டில் பிளாக்லயே எழுதியிருக்கும். சந்தேகம் வந்தா நடு அளவுல ஓட்டுங்க, வெர்னியரை நம்பாதீங்க, டூல் தேயுறதுக்கு முன்னாடியே ஆஃப்செட் குடுங்க, அஞ்சு பீஸுக்கு ஒரு தடவை செக் பண்ணுங்க. எந்த வரின்னு சண்டையே வராது.

கார்னர் ஆர்:
எனக்கும் இதே கதைதான். பிளேட்டோட வெளி மூலையில ஆர் 5, ரேடியஸ் கேஜ்ல 5.4 கிட்ட வந்தது. அங்க இருந்த இன்ஸ்பெக்டர் 3-6 வரியைப் பாத்துட்டு ±0.1, ரிஜெக்ட்னார். மூலை ரேடியஸுக்கும் சாம்பருக்கும் தனி டேபிள் இருக்கு, எம்-ல 5-க்கு ±0.5. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன், அவர் திருப்பவே இல்ல.

வரைபலகை:
லேத்துக்காரன் சொல்ற டைட்டில் பிளாக் நிஜமாவே இருக்கு, ஆனா அது வேற வகை. புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்னு பாத்து டாலரன்ஸ் எடுக்கணும்னு டிராயிங்லயே போட்டிருந்தா அது செல்லும். 2768-எம்னு மட்டும் இருந்தா 30-உம் 30.00-உம் ஒண்ணுதான், அளவோட பெருசை வச்சுதான் வரி.

எனக்கு மறக்காதது ஒரு ஸ்டெப் ஷாஃப்ட். தொடர்ச்சியா 30, 30, 60, மொத்த நீளம் போடல, கிளாஸ் எம். அசெம்பிளியில கவர் மூடல. செக் பண்ணினவர் மூணையும் கூட்டி, 120-க்கு ±0.3, இது 120.5 இருக்குன்னு ரிஜெக்ட் எழுதிட்டார். ஷாப் ஆள் ஒவ்வொரு ஸ்டெப்பையும் அளந்து காட்டினார்: 30.15, 30.15, 60.2. மூணும் எல்லைக்குள்ள. டிராயிங்ல இல்லாத அளவுக்கு டேபிள்ல வரி தேட முடியாது. அந்த மூணையும் கூட்டினா மொத்தம் 119.3-ல இருந்து 120.7 வரைக்கும் போகலாம். ஷாஃப்ட் சரி, டிராயிங்தான் கவரைப் பத்தி யோசிக்கல. அப்புறம் மொத்த நீளத்துக்குத் தனியா டாலரன்ஸ் போட்டு, ஒரு 30-ஐ வெறும் தகவலுக்குன்னு அடைப்புக்குள்ள தள்ளினாங்க.

இன்கமிங் மேஜை, அதே ஸ்டாண்டர்ட்ல இன்னொரு வரியும் இருக்கு. பொது டாலரன்ஸைத் தாண்டின பீஸா இருந்தாலும், வேற விதமா சொல்லாத வரைக்கும், வேலை செய்யறது கெடலைன்னா தானா ரிஜெக்ட் ஆகாது. உங்க ஸ்பேசர் அந்த வகையாத்தான் தெரியுது.

லேத்துக்காரன்:
அப்போ ±0.2க்கு என்ன மரியாதை? நான் 30.5 அனுப்பிட்டு வேலை செய்யுதுன்னு சொல்லலாமா?

வரைபலகை:
சொல்லலாம். ஆனா கெடலைன்னு நீங்க காட்டணும், வாங்குறவர் ஒத்துக்கணும். அந்தப் பீஸ் எங்க உக்காருதுன்னே சப்ளையருக்குத் தெரியாதே, அங்கதான் சிக்கல்.

இன்கமிங் மேஜை:
அந்த வரியை எங்க க்யூஏ மேனேஜர்கிட்ட காட்டினேன். பர்ச்சேஸ் ஆர்டர்ல "டிராயிங் எல்லை மீறினா ரிஜெக்ட்"னு போட்டிருக்கு, அதான் "வேற விதமா சொன்னது"ங்கறார். டிசைன்காரர், ஒரு முனை சும்மா நிக்கிற பீஸுக்கு எம் எதுக்கு, அதைவிட லூஸான சி கிளாஸ் போட்டிருந்தா ±0.5 கிடைச்சிருக்கும்ங்கறார். டிராயிங் இன்னும் எம்-லயே இருக்கு.