'ஃபோல்' என்று தொடங்கும் இரண்டு மாத்திரைகள்: கையெழுத்துச் சீட்டை மொழிபெயர்த்தபோது நடந்தது

ஈசூன்வாசி

போன ஞாயிறு ராத்திரி நடந்தது. நீங்களும் இப்படி மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோவில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டின் படத்தை அனுப்பினார். அவருடைய பெரியம்மா மயிலாடுதுறையிலிருந்து இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறார், மூட்டுவலிக்கு அங்கே மருத்துவம் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பதால், எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அட்டைகளையெல்லாம் கத்தரித்து ஒரே பையில் போட்டுக் கொண்டு வந்ததில் பாதிப் பெயர்கள் போய்விட்டன. ஆக, சீட்டு ஒன்றுதான் ஆதாரம்.

தம்பி தானே முதலில் படித்துப் பார்த்து, "மேல ரெண்டும் ஃபோல்வைட்தான் அண்ணே, சத்து மாத்திரை, தினம் ஒண்ணு" என்று சொல்லியிருந்தார். படத்தில் எனக்குத் தெரிந்தது இது:

```
T. Fol....  7.5   1/...
T. Folvite 5      0-0-1   (Sun X)
T. HCQ 200        0-0-1   A/F
........          L/A
```

முதல் வரியில் பெயரின் பின்பாதி தாள் மடிப்பில் போய்விட்டது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்ததைக் கைப்பேசியின் நிழல் மறைத்தது. என்னை நிறுத்தியது இரண்டாவது வரிதான். ஒரே சத்து மாத்திரையை ஒரு மருத்துவர் அடுத்தடுத்த இரண்டு வரியில் ஏன் எழுதவேண்டும்? அதில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஏன் பெருக்கல் குறி?

சன்னல் ஓரத்தில் வைத்து, தாளுக்கு நேர் மேலிருந்து மறுபடி எடுக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கமான கோடுகள் கரைந்துவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் பெயரின் கடைசி எழுத்து x என்று தெளிவாக இருந்தது. சாய்கோட்டுக்குப் பின்னால் wk. அதாவது ஃபோலிட்ராக்ஸ் 7.5, வாரத்துக்கு ஒன்று. அது மெத்தோட்ரெக்ஸேட், தினமும் போடவே கூடாத மருந்து. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்போதும் எழுதித் தரவில்லை. மருந்துக்கடை பில் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. பில்லில் பெயர்கள் அச்சில் இருக்கும், கூடவே எண்ணிக்கையும். ஃபோலிட்ராக்ஸ் 8, மூன்றாவது மாத்திரை 60. இரண்டு மாதத்துக்கு 8 என்றால் வாரக் கணக்கேதான். இங்கே மணி பத்து, ஊரில் ஏழரை, கடை திறந்திருந்தது. தம்பி போன் போட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கடைசியில் பெரியம்மாவிடம் கேட்டால், "அதுவா? அது ஞாயித்துக்கெழம மாத்திரையாச்சே" என்கிறார். அவரை முதலிலேயே கேட்டிருக்கலாம். மறுநாளிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போவது பணிப்பெண், அவரிடம் "தினம் ஒன்று" என்று தம்பி சொல்லியும் வைத்திருந்தார்.

மருந்துக்கடைக்காரி

நான் இங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் நிறுத்தியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் போடவேண்டும். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதன் பக்கவிளைவைக் குறைக்கத்தான் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள், பல மருத்துவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் போடும் நாளில் மட்டும் அதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்கள் பார்த்த பெருக்கல் குறி அதுதான். மூன்றாவது வரி ஹைட்ராக்சிகுளோரோகுயின், அதுவும் மூட்டுவாதத்துக்குத் தருவது. பெயர் தெரியாத வரியைப் பக்கத்து வரிகள் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 7.5 என்று இருந்ததும் அது ஃபோல்வைட் இல்லை என்பதற்கு ஓர் அடையாளம். அதே இடத்தில் 5 இருந்திருந்தால்? மெத்தோட்ரெக்ஸேட்டும் 5 மில்லிகிராமில் வருகிறது, ஃபோலிக் அமிலமும் 5. அப்போது மில்லிகிராம் கைகொடுக்காது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதும் பில் எண்ணிக்கையும்தான் கைகொடுக்கும். மடிப்பில் புள்ளி மறைந்தால் 7.5 என்பது 75 ஆகிவிடும், அதையும் பாருங்கள்.

தமிழில் எழுதும்போது "வாரம் 1" என்று விடாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மாத்திரை, மற்ற ஆறு நாளும் வேண்டாம்" என்று கிழமையைப் போட்டு எழுதுங்கள். மில்லிகிராமையும் விடக்கூடாது. நான் இங்கே எடுத்துக் கொடுப்பது 2.5 மாத்திரை, அதில் 7.5க்கு மூன்று போடவேண்டும். "ஒரு மாத்திரை" என்று மட்டும் எழுதிய தாளை இங்கே காட்டினால் குழப்பம்தான்.

தெம்பனிஸ் ராஜா

என் அனுபவத்தில் பெயர்தான் கஷ்டம், சுருக்கெழுத்தெல்லாம் சுலபம். 1-0-1 என்றால் காலை, இரவு. A/F சாப்பாட்டுக்குப் பின். OD என்றால் தினம் ஒருமுறை, எந்தச் சீட்டில் இருந்தாலும் யோசிக்காமல் எழுதிவிடலாம்.

மருந்துக்கடைக்காரி

முதல் இரண்டும் சரி. OD அப்படியில்லை. கண் மருத்துவர் சீட்டில் அது வலது கண்ணாக இருக்கலாம். சொட்டு மருந்து வரியில் OD பார்த்தால், பக்கத்தில் எத்தனை முறை என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அநேகமாக அது கண்தான். எதுவுமே இல்லையென்றால் கேட்காமல் எழுதக்கூடாது.

இங்குள்ள சீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. OM காலையில், ON இரவில். அவசரக் கையெழுத்தில் m, n இரண்டுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம். அதே மருத்துவர் அதே தாளில் வேறு எங்காவது m எழுதியிருப்பார், mg என்றாவது இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ஜூரோங் மீனா

எங்க அம்மா அடுத்த மாசம் திருச்சியிலிருந்து வராங்க, தூக்க மாத்திரை போடுறாங்க. சாங்கி விமான நிலையத்தில் காட்ட சீட்டை மொழிபெயர்த்து வைக்கணுமா? யாராவது சொல்லுங்களேன்.

ஈசூன்வாசி

மீனா, அது வேறு விஷயம். சில தூக்க மாத்திரைகளுக்கு வரும் முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அவர்கள் இணையத்தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பயணத்துக்கு முந்தின நாள்வரை விடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்

நான் மருந்துப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவேன். முதியவர்கள் வாசிக்கத்தானே கேட்கிறார்கள்? ஒருமுறை அந்தத் தாளைப் பாலிகிளினிக் தாதியிடம் காட்டியபோது அவரால் படிக்க முடியவில்லை. அதிலிருந்து ஆங்கிலப் பெயரையும் பக்கத்திலேயே போடுகிறேன். இதைவிட, பிராண்டு பெயரை விட்டுவிட்டு மூல மருந்தின் பெயரையே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. 2016இலிருந்து இந்தியாவிலும் மருத்துவர்கள் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்றுதானே விதி?

மருந்துக்கடைக்காரி

விதி மருத்துவருக்கு ஐயா. தாளில் இல்லாத மூலப்பெயரை மொழிபெயர்ப்பவர் உள்ளே சேர்த்தால், மருத்துவரே எழுதியதாக அடுத்தவர் நினைப்பார். நீங்கள் பிராண்டைத் தப்பாகப் படித்திருந்தால் அந்தத் தப்பு அச்சடித்த மாதிரி உறுதியாகிவிடும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்

ஆனால் இங்குள்ள மருத்துவருக்கு ஃபோலிட்ராக்ஸ் என்றால் தெரியவேண்டுமே? அடிக்குறிப்பாகவாவது போடத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈசூன்வாசி

நான் அடிக்குறிப்பில், "கடை பில்லிலிருந்து" என்று எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சேர்த்துப் போட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

நாலாவது வரி இன்னும் பாக்கி. L/A என்றால் மேலே தடவுவது என்று தெரிகிறது, பெயர் சுத்தமாகப் புரியவில்லை. பில்லிலும் அது இல்லை, பெரியம்மா வாங்கவே இல்லை போலிருக்கிறது. தாளில் "நான்காவது மருந்து: தடவுவதற்கு, பெயர் படிக்க முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை தம்பி ஊர் மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.