கொள்முதல் நிலைய அட்டவணைக் கணக்கு: மார்ச் பத்தி தெரியவில்லை, தாள் யாரிடம் இருக்கிறது?

கும்பகோணம் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே சுற்றும் பயிற்சித் தாளில், ஒரே அட்டவணையை வைத்து ஐந்து கேள்விகள். அ, ஆ, இ, ஈ என நான்கு நெல் கொள்முதல் நிலையங்கள், மூன்று மாத மூட்டைக் கணக்கு. கைக்கு வந்திருப்பது மங்கலான போட்டோதான்.

ஆ-வின் பிப்ரவரி எண் 350-ஆ 850-ஆ என்று தெரியவில்லை. ஆனால் பத்தியின் மொத்தம் 1900 தெளிவு. மற்ற மூன்றும் 420, 610, 520, கூட்டினால் 1550. ஆகவே 350தான். மூன்றாம் கேள்வி இதையே நம்பியிருக்கிறது: ஜனவரியில் 280, அதிலிருந்து உயர்வு 70, அதாவது 25 சதவீதம். விடைகளில் 20-ம் இருக்கிறது. அது 350-ஆல் வகுத்தவர்களுக்கு வைத்த பொறி. 850 என்று படித்தால் 200 சதவீதத்தைத் தாண்டும், அப்படியொரு விடையே இல்லை. விடை கிடைக்காவிட்டால் முதலில் எண்ணைச் சந்தேகிக்க வேண்டும், சூத்திரத்தை அல்ல.

சிக்கல் மார்ச்சில். ஈ-யின் எண், பத்தி மொத்தம் இரண்டின் மீதும் விரல் நிழல். வலது ஓரத்து மொத்தமும் வெட்டுப்பட்டுவிட்டது. தெரிவது 400, 380, 560. ஐந்தாம் கேள்வி நான்கின் சராசரி கேட்கிறது. விடைகள் 455, 480, 505, 530. ஈ 480 என்றால் 455, 580 என்றால் 480. எதுவும் பொருந்துவதால் விடையை வைத்துப் பின்னோக்கிப் போக வழியில்லை.

அசல் தாள் வைத்திருப்பவர்கள், நேர் மேலிருந்து, நான்கு ஓரமும் அடிக்குறிப்பும் விழும்படி எடுத்துப் போடுங்களேன். நான்காம் கேள்வி குவிண்டாலில் இருக்கிறது. மூட்டைக்கு எத்தனை கிலோ என்பது அந்த அடிக்குறிப்பில்தான் இருக்க வேண்டும்.