நடையிலிருந்து ஓட்டத்துக்கு வரும்போது இடுப்பு என்ன செய்கிறது? உறுப்பினர்களின் அனுபவங்கள்

வரைபலகை

எங்கள் அனிமேஷன் பிரிவுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் வாக் சைக்கிளில் நன்றாகத் தேறியிருந்ததால், சென்ற மாதம் அவரிடம் ஒரு ரன் சைக்கிளை ஒப்படைத்தேன். தம்முடைய 24 ஃபிரேம் நடையை 16 ஃபிரேமாகச் சுருக்கி, முதுகைச் சற்று முன்னால் சாய்த்து, முழங்கைகளை மடக்கி, இரண்டு கால்களும் தரையில் படாத ஓரிரு ஃபிரேம்களையும் சேர்த்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு போஸும் தனியாகப் பார்த்தால் ஓட்டம் போலத்தான் இருந்தது. ஓடவிட்டால், புறப்பட்டுவிட்ட பேருந்தை நோக்கி விரைந்து நடப்பவரைப் போல இருந்தது.

கிராஃப் எடிட்டரில் இடுப்பின் உயரத்தை மட்டும் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. நடையில் ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்க, உடல் அதன்மேல் ஏறிக் கடப்பதால், பாஸிங் போஸில் இடுப்பு உயர்ந்திருக்கும். ஓட்டத்தில் ஊன்றிய முழங்கால் எடையை வாங்கி மடங்குவதால் பாஸிங்கை ஒட்டித்தான் இடுப்பு மிகவும் தாழ்ந்திருக்கும்; உச்சம் அந்தரத்தில்தான் வரும். அவர் நடையின் வளைவை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டியிருந்தார்.

அவருடன் அமர்ந்து மீண்டும் அமைத்தது இது. விநாடிக்கு 24 ஃபிரேம், ஓர் எட்டுக்கு 8 ஃபிரேம். முதல் ஃபிரேமில் வலக்கால் கான்டாக்ட். 3-இல் பாதம் இடுப்புக்கு நேர்கீழே வர, உடல் மிகத் தாழ்ந்திருக்கும். 6-இல் கால்விரல் தரையை விடும். 7, 8 இரண்டும் அந்தரம். 9-இல் இடக்கால் கான்டாக்ட். 17-ஆவது ஃபிரேம் முதல் ஃபிரேமின் நகல் என்பதால் 1 முதல் 16 வரை மட்டுமே சுழல வேண்டும். 17-ஐயும் சேர்த்து ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தட்டி நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

கான்டாக்ட் போஸையும் நடையிலிருந்து கடன் வாங்கக் கூடாது. நடையில் அப்போது இரு பாதங்களும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் முன்கால் மட்டுமே தொடும், பின்கால் ஏற்கெனவே காற்றில் மடங்கத் தொடங்கியிருக்கும். முன்காலை மிகவும் நீட்டி ஊன்றவைத்தால், பாத்திரம் ஒவ்வோர் எட்டிலும் தன்னைத்தானே தடுத்து நிறுத்துவது போலத் தோன்றும்.

ஸ்பிளைன் சேகர்

இடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளைக் காட்சிக்குள் கொண்டுவரும்போது பாதம் வழுக்குவதைத் தவிர்க்க, கான்டாக்ட் போஸில் இரு பாதங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, ஓர் எட்டுக்கு அவ்வளவு தூரம் ரூட்டை நகர்த்தினால் போதும். நடைக்கு நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

வரைபலகை

சேகர், நடைக்கு அந்தக் கணக்கு பொருந்தும், ஓட்டத்துக்குப் பொருந்தாது. அந்தரத்தில் இருக்கும் ஃபிரேம்களிலும் உடல் முன்னே சென்றுகொண்டே இருக்கிறது, அந்தத் தூரத்தைப் பாதங்களின் இடைவெளி காட்டாது. இந்த இளைஞரின் கோப்பில் ஊன்றிய பாதம் இடுப்புக்கு 35 செ.மீ. முன்னால் தொட்டு, 55 செ.மீ. பின்னால் போய்த் தரையை விடுகிறது. அதாவது 5 ஃபிரேமில் 90 செ.மீ., ஒரு ஃபிரேமுக்கு 18. ரூட் 8 ஃபிரேமும் இதே வேகத்தில் போக வேண்டும் என்பதால் ஓர் எட்டுக்கு 144 செ.மீ. வேண்டும். நீங்கள் சொல்வது போல 90 மட்டும் கொடுத்தால், ஊன்றிய பாதம் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏழு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் வழுக்கும். ஊன்றியிருக்கும் வரை பாதத்தின் முன்பின் வளைவு நேர்கோடாகவே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்பிளைன் வளைந்தால், ரூட் சரியாக இருந்தும் பாதம் வழுக்கும்.

விசைப்பலகை

நான் கைப்பேசி விளையாட்டுகளுக்கு அனிமேஷன் செய்கிறேன். எங்களிடம் பாத்திரத்தின் வேகத்தை நிரலாளர் முடிவு செய்கிறார், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. எனவே இந்த 144 செ.மீ. கணக்கைச் செய்து, சைக்கிள் எந்த வேகத்துக்கு ஏற்றது என்பதை எண்ணாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மேலே உள்ள ஓட்டம் விநாடிக்கு 4.32 மீட்டர். அவர் வேகத்தை மாற்றினால் சைக்கிளின் ஓட்ட வேகத்தையும் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதிகம் மாற்றினால் அந்தர நேரமும் சேர்ந்து நீள்வதாலோ சுருங்குவதாலோ எடை கெட்டுவிடுகிறது. அதற்கு நல்ல வழி இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாய்வால்

இரு கால்களும் அந்தரத்தில் இருக்கும் போஸ் ஓர் எட்டுக்கு ஒன்று என்கிறீர்கள். நான் செய்துகொண்டிருக்கும் வேட்டைநாய்க்கு ஒரு சுற்றில் இரண்டு அந்தரம் வருகிறதே, எதை நீக்குவது?

மதுரைப் பென்சில்

எதையும் நீக்க வேண்டாம். இங்கே பேசுவது இரண்டு கால் ஓட்டம். வேட்டைநாய் முழு வேகத்தில் பாயும்போது கால்கள் உடலுக்கு அடியில் கூடும்போது ஒன்றும், முன்னும் பின்னும் நீளும்போது ஒன்றுமாக இரண்டு அந்தரம் உண்டு. குதிரைக்குக் கால்கள் அடியில் கூடும்போது மட்டும்தான். மைபிரிட்ஜ் 1878-இல் எடுத்த வரிசைப் படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் குதிரையின் கால்கள் நீண்டிருக்கும்போது அந்தரத்தில் வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

மனித ஓட்டத்துக்குத் திரும்புகிறேன். என்னிடம் திருத்தத்துக்கு வரும் ஓட்டங்களில் பெரும்பாலானவற்றில் அந்தரம் இருக்கிறது, எடைதான் இருப்பதில்லை. கால்கள் காற்றில் இருக்கும்போது உடலை ஆள்வது புவியீர்ப்பு மட்டுமே என்பதால், எத்தனை ஃபிரேம் அந்தரம் என்று முடிவு செய்தவுடன் எவ்வளவு எழலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. வரைபலகையின் ஓட்டத்தில் 6-இல் தரையை விட்டு 9-இல் தொடும் வரை 3 ஃபிரேம் இடைவெளி, அதாவது 1/8 விநாடி. அதற்குள் உடல் எழக்கூடியது ஏறக்குறைய 2 செ.மீ. மட்டுமே. 7-இலும் 8-இலும் இடுப்பு 1.7 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும். மீதி ஏற்ற இறக்கம், ஏறக்குறைய 4 செ.மீ., கால் ஊன்றியிருக்கும்போது கீழ்நோக்கி நடக்கிறது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அந்தரத்தில் இடுப்பைப் 10 செ.மீ. தூக்கி, பாஸிங்கில் முழங்காலை மடக்காமல் விடுகிறார்கள். 10 செ.மீ. வேண்டுமென்றால் 7 ஃபிரேமாவது காற்றில் இருக்க வேண்டும். அது ஓட்டமல்ல, தாவல்.

ஸ்பிளைன் சேகர்

கார்ட்டூன் பாத்திரத்துக்கும் 2 செ.மீ. தானா? என் பாத்திரத்தின் தலையே உடலில் பாதி.

மதுரைப் பென்சில்

இல்லை. அங்கே நான் கணக்கை விட்டுவிடுவேன், ஆனால் உச்சத்தைக் கூட்டும் அளவுக்குத் தாழ்வையும் கூட்டுவேன். அந்தரத்தில் மட்டும் கூட்டினால் பாத்திரம் பலூனாகிவிடும்.

வரைபலகையுடன் ஓரிடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவர் தாழ்வையும் பாஸிங்கையும் 3-ஆவது ஃபிரேமிலேயே வைக்கிறார். நான் தாழ்வை 3-இலும், மடங்கிய காலின் முழங்கால் ஊன்றிய காலைக் கடக்கும் போஸை 4-இலும் வைப்பேன். இடுப்பு அதற்குள் எழத் தொடங்கியிருப்பதால் உந்தல் கூர்மையாகத் தெரிகிறது.

வரைபலகை

கனமான உடலுக்கு அது நன்றாக இருக்கும். இந்தப் பாத்திரம் ஒல்லியான சிறுவன். 4-இல் வைத்துப் பார்த்தோம், மடங்கிய கால் பின்தங்கி, 9-ஆவது ஃபிரேமுக்குள் முன்னே வர முடியாமல் தவித்தது. குதிகாலைத் தொடைக்கு அருகே இன்னும் இறுக மடக்கினால் கால் விரைவாக வீசப்படும் என்பதால் ஒருவேளை 4-உம் சாத்தியமாகலாம். இளைஞர் இன்று அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு வடிவங்களின் பிளேபிளாஸ்டையும் இங்கே இடுகிறேன்.